கூட்டம் 6:15-க்குத் தொடங்கும், லிங்க் இதுதான்

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை 6 மணிக்கு வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொதுக்குழு இணையவழியில் கூடுகிறது. உரிமையாளர்களில் பலர் அங்கேயே குடியிருக்கிறார்கள். சிலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது, மாதப் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துவது என்று இரண்டு தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வர வேண்டும். 5:35-க்குப் பொருளாளர் செயலாளரைக் கூப்பிடுகிறார். ஆடிட்டர் அனுப்பிய கணக்கில் ஒரு தொகை இடிக்கிறது, சரிபார்க்கக் கால் மணி நேரம் வேண்டும் என்கிறார். செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுகிறார்: “மீட்டிங் 15 நிமிடம் லேட்டாக ஆரம்பிக்கும்.”

அந்த ஒரு வரிக்குப் பிறகு நடப்பது இணையக் கூட்டம் நடத்திய எல்லோருக்கும் தெரிந்ததுதான். “எத்தனை மணிக்கு சார்?” என்று ஒருவர் கேட்கிறார். “லிங்க் ப்ளீஸ்” என்று இன்னொருவர். “அதே லிங்க்தானா, புதுசா?” என்று மூன்றாமவர். செயலாளர் பதில் போடுகிறார், ஆனால் அந்தப் பதிலும் அடுத்தடுத்து வரும் கேள்விகளுக்கு அடியில் போய்விடுகிறது. செய்தியை 6:10-க்குப் பார்த்த ஒருவர் அப்போதிலிருந்து 15 நிமிடம் எண்ணி 6:25-க்கு வருகிறார். செய்தியைப் பார்க்காமல் 6 மணிக்கே வந்த ஒருவர் ஐந்து நிமிடம் வெற்றுத் திரையைப் பார்த்துவிட்டு, கூட்டம் ரத்து போலிருக்கிறது என்று போய்விடுகிறார். கால் மணி நேரத் தாமதம் அரை மணி நேரமாகிறது. வாக்கெடுப்புக்கு ஆள் குறைகிறது.

தாமதம் எந்தக் கூட்டத்திலும் வரும். குழப்பம் வந்தது அறிவிப்பு அரைகுறையாக இருந்ததால். தாமத அறிவிப்புக்கு ஒரே ஓர் இலக்கணம் போதும்: முந்தைய செய்தி எதையும் பார்க்காத ஒருவர், இந்த ஒன்றை மட்டும் பார்த்தாலும், சரியான நேரத்துக்குச் சரியான இடத்தில் வந்து சேர வேண்டும். எப்போது, எங்கே என்ற இரண்டுக்கும் அந்தச் செய்திக்குள்ளேயே விடை இருக்க வேண்டும். புதிய நேரத்தோடு லிங்க்கையும் மறுபடி போடச் சொல்வது இதற்காகத்தான்.

எத்தனை நிமிடம் என்பதைவிட எத்தனை மணி

“15 நிமிடம் தாமதம்” என்பது ஒரு கணக்கு. படிப்பவர் பழைய நேரத்தை நினைவில் வைத்திருந்து அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். பத்து நாள் முன்பு வந்த அழைப்பில் இருந்தது 5:30-ஆ, 6-ஆ என்ற சந்தேகம் உள்ளவருக்கு அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே தடுமாறும். “இன்னும் 15 நிமிடத்தில் தொடங்கும்” என்று எழுதினால் நிலைமை இன்னும் மோசம். செய்தி அனுப்பப்பட்ட நேரம் வேறு, அது கண்ணில் பட்ட நேரம் வேறு. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரும், சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தவரும் அதைப் பிறகுதான் பார்ப்பார்கள். ஒருவர் இன்னொரு குழுவுக்கு அதை அனுப்பிவிட்டால், எந்த நேரத்திலிருந்து 15 நிமிடம் என்பது அங்கே படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

“மாலை 6:15-க்குத் தொடங்கும்” என்று எழுதினால் எப்போது படித்தாலும் பொருள் மாறாது. கூடவே “6:00 அல்ல” என்று சேர்ப்பது நல்லது. 6:15 என்று மட்டும் பார்ப்பவர் இது நினைவூட்டலா, மாற்றமா என்று யோசிக்கக்கூடும். பழைய நேரத்தையும் சொல்லிவிட்டால் மாற்றம்தான் என்பது உறுதியாகும்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு அவரவர் ஊர் நேரத்தைப் போட வேண்டும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆகவே நமது மாலை 6:15 சிங்கப்பூரில் இரவு 8:45, துபாயில் மாலை 4:45. இந்த இரண்டு ஊர்களிலும் கோடைக்காக கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை, ஆகவே ஆண்டு முழுவதும் இதே வித்தியாசம்தான். லண்டனிலோ நியூ ஜெர்சியிலோ உறுப்பினர் இருந்தால் கவனம் தேவை. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். நமது மாலை 6:15 நியூ ஜெர்சியில் கோடையில் காலை 8:45, குளிர்காலத்தில் காலை 7:45. நமது கடிகாரம் மாறாததால் நமக்கு அது கண்ணில் படாது. கடிகாரத்தை மாற்றும் நாளும் இரு நாடுகளிலும் ஒன்றல்ல. அமெரிக்கா மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு மாற்றுகிறது, பிரிட்டன் அதே மாதம் கடைசி ஞாயிறு. அதனால் போன மாதக் கூட்டத்துக்குப் போட்ட வெளிநாட்டு நேரத்தை அப்படியே எடுத்து ஒட்டாமல், புதிதாகக் கணக்குப் பார்த்துப் போட வேண்டும்.

சொல்ல வேண்டிய இன்னொரு நேரம் கூட்டம் முடியும் நேரம். தொடக்கம் தள்ளிப்போனால் முடிவும் தள்ளிப்போகுமா? ஏழரைக்கு முடியும் என்று நம்பி எட்டு மணிக்கு வேறு வேலை வைத்திருப்பவருக்கு இதுதான் முக்கியம். “7:30-க்கு முடியும், அதில் மாற்றமில்லை” என்று எழுதுவது கைகொடுக்கும். ஆனால் அப்படி எழுதினால் கூட்ட நிரலில் கால் மணி நேரத்தை எங்கே குறைப்பது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிட வேண்டும். நம் உதாரணத்தில், இரண்டு தீர்மானங்களையும் முதலில் எடுத்துக்கொண்டு, பொதுக் குறைகள் கேட்கும் பகுதியைச் சுருக்கலாம். வாக்களிக்க வேண்டியவர்கள் கிளம்புவதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிடும்.

பழைய லிங்க் எங்கே போனது?

“லிங்க்தான் போன வாரமே போட்டாயிற்றே” என்று செயலாளர் நினைப்பது இயல்பு. ஆனால் அந்தப் போன வாரச் செய்திக்கும் இன்றைக்கும் இடையே தண்ணீர் லாரி பற்றிய செய்திகளும், பார்க்கிங் தகராறும், பிறந்தநாள் வாழ்த்துகளும் வந்து குவிந்திருக்கும். கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கைபேசியைக் கையில் எடுப்பவர் மேலே ஏறித் தேட மாட்டார். கடைசியாக வந்த செய்தியைத்தான் பார்ப்பார். தாமத அறிவிப்புதான் அந்தக் கடைசிச் செய்தி.

இன்னொரு காரணமும் உண்டு. நேரம் மாறியது என்று கேட்டதும் லிங்க்கும் மாறியிருக்குமோ என்ற ஐயம் எழும். ஜூமிலும் கூகுள் மீட்டிலும் கால் மணி நேரம் தள்ளிப்போனால் லிங்க்கை மாற்றத் தேவையே இல்லை. லிங்க் என்பது அறையின் முகவரி. அழைப்பில் போட்டிருக்கும் நேரம் நாமாக எழுதிக்கொள்ளும் குறிப்பு. ஜூமில் 6 மணி என்று பதிவுசெய்த கூட்டத்தை நடத்துபவர் 6:15-க்குத் திறந்தாலும் அதே லிங்க்தான் வேலை செய்யும். ஆகவே “லிங்க்கில் மாற்றமில்லை” என்று எழுதி, அதன் கீழே லிங்க்கைப் போட்டால் ஐயம் தீரும். ‘மாற்றமில்லை’ என்று சொல்லிவிட்டு லிங்க்கைப் போடாமல் விட்டால் தேடும் வேலை அப்படியே இருக்கும். லிங்க்கைப் போட்டுவிட்டு ‘மாற்றமில்லை’ என்று சொல்லாவிட்டால் இரண்டில் எது சரி என்ற கேள்வி வரும்.

பதற்றத்தில் பலர் செய்வது, கையிலிருக்கும் கூட்டத்தை விட்டுவிட்டு 6:15-க்கு என்று புதிதாக ஒரு கூட்டத்தை உருவாக்கி அந்த லிங்க்கை அனுப்புவது. அப்போது இரண்டு அறைகள் ஆகிவிடும். பழைய அழைப்பிலிருந்து வருபவர்கள் ஓர் அறையிலும், புதிய செய்தியிலிருந்து வருபவர்கள் இன்னோர் அறையிலும் காத்திருப்பார்கள். 6:20-க்குச் செயலாளர் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து “என்ன இது, பாதிப்பேர்கூட வரவில்லையே” என்று நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியது பழைய அறையில் யாராவது இருக்கிறார்களா என்பதைத்தான்.

லிங்க் உடையும் இடங்கள்

லிங்க்கைத் திரும்பப் போடும்போது அது உடைந்து போவதும் உண்டு. தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. நாம் வேற்றுமை உருபைச் சொல்லோடு ஒட்டி எழுதிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் லிங்க்கோடும் ஒட்டிவிடுவோம்:

```
https://meet.google.com/abc-defg-hijஇல் இணையவும்
```

இணைய முகவரியில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளும் வர இடமுண்டு என்பதால், பல செயலிகள் ‘இல்’ என்பதையும் முகவரியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். தொட்டவுடன் திறக்கும், ஆனால் அப்படி ஓர் அறை இல்லை என்று வரும். அனுப்பியவர் கண்ணுக்குச் செய்தி சரியாகவே தெரியும். கூர்ந்து பார்த்தால் ஓர் அடையாளம் கிடைக்கும். நீல நிறமோ அடிக்கோடோ எந்த எழுத்து வரை ஓடுகிறது என்று பாருங்கள். தமிழ் எழுத்தும் நீலமாக இருந்தால் லிங்க் கெட்டுவிட்டது. இதற்குத் தீர்வு எளிது. லிங்க்கைத் தனி வரியில் போட வேண்டும், முன்னும் பின்னும் ஒன்றும் ஒட்டக் கூடாது, இறுதியில் முற்றுப்புள்ளியும் வேண்டாம்.

மின்னஞ்சலில் வேறு விதமாக உடையும். வெறும் எழுத்தாக அனுப்பும் மின்னஞ்சலில் ஒரு வரி 78 எழுத்துகளுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது பழைய நெறி. அதை ஒட்டி நீண்ட வரிகளை மடித்து அடுத்த வரிக்குத் தள்ளும் மின்னஞ்சல் நிரல்கள் உண்டு. கூகுள் மீட் லிங்க் சின்னது, மடங்காது. கடவுச்சொல்லைத் தனக்குள் வைத்திருக்கும் ஜூம் லிங்க் அந்த அளவை நெருங்கும்:

```
https://us02web.zoom.us/j/12345678901?pwd=...
```

இதில் j/ என்பதற்குப் பின்னால் வரும் எண் கூட்டத்தின் அடையாள எண். pwd= என்பதற்குப் பின்னால் வரும் நீண்ட எழுத்துக்கோவைதான் கடவுச்சொல்லின் மறைவடிவம். வரி மடிந்து பின்பாதி வெட்டுப்பட்டால், எண் மட்டும் தப்பித்துக்கொள்ளும். அறை கண்டுபிடிக்கப்படும், ஆனால் உள்ளே விடாமல் கடவுச்சொல்லைக் கேட்கும். “லிங்க் திறக்குது, ஆனா பாஸ்வேர்டு கேட்குது சார்” என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னால், லிங்க்கின் வால் அறுந்திருக்கிறது என்று பொருள். இதை எதிர்பார்த்து, லிங்க்குக்குக் கீழே கூட்ட எண்ணையும் கடவுச்சொல்லையும் தனித்தனி வரியாகப் போட்டுவிட்டால் அவர்கள் கையால் அடித்து உள்ளே வந்துவிடுவார்கள். செயலி இல்லாமல் தொலைபேசி வழியாக மட்டும் இணைபவருக்கும் அந்த எண்தான் வேண்டும்.

அனுப்பிய பிறகு லிங்க்கைச் சோதிக்க வேண்டும். கூட்டத்தை நடத்துபவரே தன் கைபேசியில் தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. அறை அவருடையது, அவரைக் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். வீட்டில் வேறொருவர் கைபேசியில், அவருக்கு வந்த செய்தியிலிருந்தே தொட்டுப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலைதான்.

லிங்க்கைத் திரும்பப் போடும்போது அது எங்கே போகிறது என்பதிலும் கவனம் தேவை. 2020-இல் பெருந்தொற்று தொடங்கிய மாதங்களில், பொதுவெளியில் கிடைத்த லிங்க்குகள் வழியே அந்நியர்கள் கூட்டங்களுக்குள் புகுந்து ரகளை செய்தது உலகம் முழுதும் நடந்தது. அதையடுத்து அந்த ஆண்டு ஏப்ரலில் ஜூம் நிறுவனம் இலவசக் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்கும்படி வைத்தது. ஆனால் கடவுச்சொல்லைத் தாங்கிய லிங்க்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டால் அந்தப் பூட்டு பயன்படாது. அவசரத்தில் போடும் இரண்டாவது அறிவிப்பும், முதல் அழைப்பு போன அதே குழுவுக்கும் அதே மின்னஞ்சல் பட்டியலுக்கும் மட்டுமே போக வேண்டும். பெறுபவர் பக்கத்திலும் ஒரு பழக்கம் வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து “கூட்டம் தாமதம், புதிய லிங்க் இது” என்று வந்தால் https:// என்பதற்கும் அதற்கடுத்த சாய்கோட்டுக்கும் இடையே உள்ள பெயரைப் பார்க்க வேண்டும். அது zoom.us என்றோ meet.google.com என்றோ முடியாவிட்டால், தொடாமல் செயலாளரைக் கேட்பதே சரி. முதல் அழைப்பிலேயே “மாற்றம் ஏதும் இருந்தால் இந்த எண்ணிலிருந்துதான் வரும்” என்று சொல்லிவைத்திருந்தால் இந்தச் சரிபார்ப்பு எளிதாகும்.

நாள்காட்டி பழைய நேரத்தையே சொல்லும்

வாட்ஸ்அப்பில் நேரத்தை மாற்றிவிட்டோம். ஆனால் கூட்ட அழைப்பு கூகுள் காலண்டர் வழியாகவோ அவுட்லுக் வழியாகவோ போயிருந்தால், அங்கே இன்னும் 6 மணிதான் இருக்கும். அவுட்லுக் வழக்கமாக 15 நிமிடம் முன்பே நினைவூட்டும். 5:40-க்கு வந்த செய்தி 6:15 என்கிறது, 5:45-க்கு அடிக்கும் மணி 6 என்கிறது. பிந்தி வந்ததையே பலர் நம்புவார்கள்.

ஆகவே நாள்காட்டியிலும் மாற்ற வேண்டும். இதில் செய்ய வேண்டியது இருக்கும் பதிவைத் திருத்துவது. அழித்துவிட்டு வேறு பதிவு போடக் கூடாது. நாள்காட்டியில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறி உண்டு. திருத்தும்போது அந்தக் குறி அப்படியே இருக்கும், திருத்த எண் மட்டும் ஒன்று கூடும். பெறுபவரின் நாள்காட்டி இரண்டையும் பார்த்து, இது பழைய நிகழ்வின் புதிய நேரம் என்று புரிந்துகொண்டு இடம் மாற்றும். கூடவே கூகுள் மீட் லிங்க்கும் மாறாமல் இருக்கும். பழையதை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கினால் அடையாளக் குறியும் லிங்க்கும் சேர்ந்தே மாறிவிடும்.

இன்னும் இரண்டு இடங்களில் தவறு நேரும். ஒன்று, திருத்திச் சேமிக்கும்போது விருந்தினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டுமா என்று கூகுள் காலண்டர் கேட்கும். வேண்டாம் என்று தட்டிவிட்டால், கூகுள் அல்லாத மின்னஞ்சல் வைத்திருப்பவர்களின் நாள்காட்டியில் பழைய நேரமே நிற்கும். இரண்டு, மாதந்தோறும் திரும்ப வரும் கூட்டமாக இருந்தால் இந்த ஒரு நாளுக்கு மட்டுமா, இனி வருபவை எல்லாவற்றுக்குமா என்று கேட்கும். அவசரத்தில் ‘எல்லாம்’ என்று தட்டினால் அடுத்த மாதங்களின் கூட்டங்களும் 6:15-க்குப் போய்விடும். அடுத்த மாதம் செயலாளர் 6 மணிக்கு வந்து யாரும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது தெரியவரும்.

முன்னாலேயே வந்துவிட்டவர்கள்

அறிவிப்பை எவ்வளவு சரியாக எழுதினாலும் அதைப் பார்க்காமல் 5:55-க்கே வந்து வாசலில் நிற்பவர்கள் இருப்பார்கள். கைபேசியிலேயே கூட்டத்துக்கு வருபவர் ஜூம் திரையைத் திறந்துவைத்திருப்பார். வாட்ஸ்அப்பில் என்ன வந்தது என்று பார்க்க மாட்டார். அவர்களுக்கு அறிவிப்பு அந்த வாசலிலேயே கிடைக்க வேண்டும். ஜூமில் காத்திருப்பு அறையில் இருப்பவர்களுக்கு, கூட்டத்தை நடத்துபவர் உள்ளே இருந்தபடி செய்தி அனுப்பலாம். “6:15-க்குத் தொடங்குகிறோம், இங்கேயே இருக்கலாம்” என்ற ஒரு வரி போதும். எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டால், அதே வரியைப் பெரிய எழுத்தில் திரையில் பகிர்ந்துவைக்கலாம். பிறகு வருபவர் ஒவ்வொருவரும் கேட்காமலே தெரிந்துகொள்வார்.

ஆனால் முன்கூட்டியே அறையைத் திறக்கும்போது ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம்தான் ஓடும். அந்த 40 நிமிடம் கூட்டத்தைத் திறந்ததிலிருந்து ஓடத் தொடங்கும். தலைவர் பேசத் தொடங்கியதிலிருந்து அல்ல. வந்தவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று 6 மணிக்கே திறந்துவைத்தால், 6:15-க்குக் கூட்டம் தொடங்கும்போது மீதம் 25 நிமிடம்தான். 6:40-க்கு வாக்கெடுப்பின் நடுவில் திரை அணைந்துவிடும். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். அங்கும் இதே கணக்குத்தான். இலவசக் கணக்கில் நடத்துபவர் 6:10-க்குத் திறப்பது நல்லது. அதுவரை வாசலில் நிற்பவர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் தனியாகச் சொல்லலாம். அடிக்கடி நீண்ட கூட்டம் நடத்தும் சங்கம் கட்டணக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வதே நிம்மதி.

அறிவிப்பால் மாற்ற முடியாத நேரம்

சில கூட்டங்களில் நேரம் என்பது சட்ட விவகாரம். நிறுவனங்களின் பங்குதாரர் கூட்டங்களைக் காணொளி வழியே நடத்த அனுமதித்து, மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2020 ஏப்ரல் 8 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. குறித்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே இணையும் வசதியைத் திறந்துவைக்க வேண்டும், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடம் முடியும்வரை மூடக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதாவது, கூட்டம் தாமதம் என்று சொல்லிவிட்டு வாசலைச் சாத்திவைக்க அங்கே இடமில்லை. சொன்ன நேரத்துக்கு வரும் பங்குதாரரை வாசல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் பிரிவு 103, பொதுக்கூட்டத்துக்குக் குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் குறைந்தபட்ச எண்ணிக்கையில் உறுப்பினர்கள் வராவிட்டால், கூட்டம் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரத்துக்குத் தள்ளிப்போகும் என்கிறது. அந்த அரை மணி நேரம் எண்ணப்படுவது அழைப்பில் குறித்த நேரத்திலிருந்து. நாம் இடையில் அனுப்பும் செய்தி அந்தக் கடிகாரத்தைத் திருப்பிவைக்காது. 6 மணிக் கூட்டம் என்றால் 6:30-தான் எல்லை. 6:15 என்று அறிவித்துவிட்டு, அதிலிருந்து அரை மணி எண்ணி 6:45 வரை காத்திருக்க முடியாது.

குடியிருப்போர் சங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவரவர் சங்கத்தின் துணை விதிகளே அளவுகோல். அதில் இதுபோன்ற காலக்கெடு எழுதியிருக்கிறதா என்று செயலாளர் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நடவடிக்கைக் குறிப்பில் கூட்டம் தொடங்கிய உண்மையான நேரமும், தாமதத்துக்கான காரணமும், அறிவிப்பு அனுப்பிய நேரமும் ஏற வேண்டும். கட்டண உயர்வை எதிர்ப்பவர் பின்னாளில் “நான் ஆறு மணிக்கு வந்தேன், கூட்டமே இல்லை” என்று சொன்னால் காட்டுவதற்கு அந்த வரிதான் இருக்கும்.

எழுதிப் பார்ப்போம்

இனி அந்தச் செயலாளரின் செய்தியைத் திருத்தி எழுதலாம். கைபேசி பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிகள்தான். ‘அனைவருக்கும் வணக்கம், நலமா’ என்று தொடங்கினால் அந்த இடம் அதற்கே போய்விடும். நேரம் முதல் வரியில் வரட்டும்:

> இன்றைய பொதுக்குழு மாலை 6:15-க்குத் தொடங்கும் (6:00 அல்ல).
> சிங்கப்பூர் இரவு 8:45, துபாய் மாலை 4:45.
> கணக்கு அறிக்கையில் ஒரு தொகையைச் சரிபார்க்கிறோம். காக்க வைப்பதற்கு மன்னிக்கவும்.
> இரண்டு தீர்மானங்களும் முதலில். 7:30-க்கு முடியும், மாற்றமில்லை.
> லிங்க்கும் மாறவில்லை, அதேதான்:
>
> https://meet.google.com/abc-defg-hij
>
> – செயலாளர்

காரணம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம், ஆனால் ஒரு வரியாவது வேண்டும். கணக்கைச் சரிபார்க்கிறார்கள் என்று தெரிந்தால் காத்திருப்பார்கள். காரணமே இல்லாவிட்டால் இன்னும் தள்ளிப்போகுமோ என்று நினைப்பார்கள். லிங்க் கடைசியில், தனி வரியில் இருப்பதால் விரல் நேரே அங்கே போகும். மின்னஞ்சலில் அனுப்பினால் தலைப்பிலேயே “6:15-க்குத் தொடங்கும்” என்று வர வேண்டும். பழைய அழைப்புக்குப் பதிலாக அனுப்பினால் தலைப்பில் பழைய நேரமே நிற்கும், அதை மாற்றாமல் அனுப்பக் கூடாது. இந்தச் செய்தி 5:40-க்குப் போயிருந்தால் பெரும்பாலோர் கையில் உரிய நேரத்தில் கிடைத்திருக்கும். தாமதம் உறுதியானதும் அனுப்பிவிட வேண்டும். பொருளாளர் கணக்கை முடித்துவிடுவாரோ என்று 5:58 வரை பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குள் பாதிப்பேர் வாசலுக்கு வந்திருப்பார்கள்.

6:10 ஆகியும் கணக்கு முடியவில்லை என்றால்? மறுபடி 15 நிமிடம் தள்ளிவைத்து இரண்டாவது அறிவிப்பு அனுப்பக் கூடாது. ஒரே மாலையில் மூன்று நேரங்கள் சுற்றினால் எது கடைசி என்று யாருக்கும் தெரியாது, முதல் அறிவிப்பை நம்பி வந்தவர்கள் இரண்டாவது முறை காத்திருக்கவும் மாட்டார்கள். அப்போது இரண்டு வழிகள்தான் உள்ளன. சொன்னபடி 6:15-க்குக் கூட்டத்தைத் தொடங்கி, கணக்கோடு தொடர்பில்லாத லிஃப்ட் ஒப்பந்தத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கட்டண உயர்வைக் கணக்கு வந்த பிறகு பேசலாம். கணக்கு இல்லாமல் எதையும் பேச முடியாது என்றால், கூட்டத்தையே வேறொரு நாளுக்கு மாற்றி, அந்தத் தேதி, நேரம், லிங்க் மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்ப வேண்டும். எந்த வழியை எடுத்தாலும், 6:15 என்று சொன்ன கணத்தில் செயலாளர் அறைக்குள் இருந்து, வந்தவர்களிடம் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.